எந்த வேலைக்கு? யாருடைய கடிதம்?

பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பழக்கமான கோரிக்கை ஒன்று உண்டு. ஒரு கவரிங் லெட்டர் வேண்டும், இப்போதே வேண்டும். வந்தவரிடம் விளம்பரம் இருக்காது. சில சமயம் விண்ணப்பிக்கிறவரே வந்திருக்க மாட்டார். தங்கைக்காக அண்ணன் வருவார், மகனுக்காக அப்பா வருவார். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"தங்கச்சிக்கு ஒரு கவரிங் லெட்டர் போட்டுக் குடுங்க சார்."

"என்ன வேலைக்குப்பா?"

"அக்கவுண்ட்ஸ்னு சொன்னா சார். விளம்பரம் அவ போன்ல இருக்கு."

"இப்ப எங்க வேலை பாக்கறாங்க?"

"கலாசிபாளையத்துல ஒரு ஹார்டுவேர் கடை. பில் போடறா. நீங்க பொதுவா ஒண்ணு அடிச்சுடுங்க."

இந்தப் 'பொதுவா' என்ற சொல்லில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. கடைக்காரரிடம் பொதுவான கடிதம் ஒன்று கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும். தங்களுடைய புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றும் ஆவல், கடின உழைப்பு, எல்லோரோடும் இணைந்து செயல்படும் குணம், வாய்ப்பு அளித்தால் மேலதிகாரிகளின் முழுத் திருப்திக்கேற்ப நடந்துகொள்வதாக ஓர் உறுதிமொழி. பெயரை மட்டும் மாற்றி ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடலாம்.

அந்தக் கடிதத்தின் தரத்தைப் பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அக்கவுண்டன்ட் என்ற இடத்தில் நர்ஸ் என்று போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு டிரைவர் என்று போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் கடிதம் பொருந்தினால், அது மூன்றில் எந்த வேலையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நூறு விண்ணப்பங்களைப் புரட்டுகிற அலுவலருக்கு இது முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். அவர் கடிதத்தை விட்டுவிட்டு நேரே பயோடேட்டாவுக்குப் போய்விடுவார்.

வேலைக்கான கடிதத்தில் இரண்டு சங்கதிகள்தான் உண்டு. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது ஒன்று, இவர் என்ன செய்திருக்கிறார் என்பது மற்றொன்று. முதலாவது விளம்பரத்தில் இருக்கிறது. இரண்டாவது விண்ணப்பதாரரின் நினைவில் இருக்கிறது. இதில் ஒன்று மட்டும் கையில் இருந்தாலும் கடிதம் ஓரளவு நிற்கும் என்பதற்கு இரண்டு பிரபலமான கடிதங்கள் சாட்சி.

ஒன்று பெங்களூரிலிருந்தே போனது. 1974-ல் இந்திய அறிவியல் கழகத்தில் (பெங்களூர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்கிறார்கள்) முதுகலை படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்னி, அறிவிப்புப் பலகையில் டெல்கோ நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தார். இளம் பொறியாளர்கள் தேவை என்ற அறிவிப்பின் கடைசியில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அவர் எழுதியது ஒரு தபால் அட்டை. டெல்கோவின் தலைவர் யார் என்று தெரியாததால் ஜே.ஆர்.டி. டாடாவின் பெயருக்கே அனுப்பினார். தன் மதிப்பெண்களை அவர் அதில் அடுக்கவில்லை. விளம்பரத்தின் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, டாடா நிறுவனமா இப்படிப் பாகுபாடு பார்ப்பது என்று கேட்டார். நேர்முகத் தேர்வுக்குப் புனேவிலிருந்து அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. பிற்காலத்தில் அவரை உலகம் சுதா மூர்த்தி என்று அறிந்தது. அந்த அட்டையின் பலம் முழுக்க விளம்பரத்தைக் கூர்ந்து படித்ததில் இருக்கிறது.

இன்னொன்று சென்னையில் எழுதப்பட்டது. 1912 பிப்ரவரி 9-ம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அலுவலகத்தில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறார். வேலையைப் பற்றி அதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. ஆனால் தன்னைப் பற்றிய விவரம் துல்லியமாக இருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியவர். எஃப்.ஏ. வரை படித்தவர். மேலே படிக்க முடியாமல் சூழ்நிலை தடுத்தது. அதன் பிறகு நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்துவந்திருக்கிறார். எஃப்.ஏ. தேறினேன் என்று அவர் எழுதவில்லை, ஏனென்றால் தேறவில்லை. குறையை மறைக்காமல் அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு, செய்துகொண்டிருக்கும் காரியத்துக்குப் போய்விடுகிறார். மார்ச் 1-ம் தேதி முதல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசும் கூடவே போயிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கலாசிபாளையத்துத் தங்கையின் விஷயத்தில் இரண்டுமே கையில் இல்லை. அப்படிப்பட்ட நிலையில் எழுதுகிறவர் செய்யக்கூடிய காரியம், இல்லாததை இட்டுக்கட்டுவது அல்ல, கேட்டு வாங்குவது. கெட்டிக்காரக் கடைக்காரர் அண்ணனிடம் போன் நம்பர் வாங்கித் தங்கையையே கூப்பிடுவார்.

அனுபவம் என்ன என்று நேரடியாகக் கேட்டால் பதில் வராது. 'இரண்டு வருஷம்' என்பார்கள், அவ்வளவுதான். திறமை என்ன என்று கேட்டாலும் சினிமாவில் வருகிற மாதிரி நாலு நல்ல குணங்களைச் சொல்வார்கள். கேட்க வேண்டியது நாள் கணக்கு.

"நேத்துக் காலையில கடைக்குப் போனதிலேருந்து என்னென்ன செஞ்சீங்க, வரிசையாச் சொல்லுங்கம்மா."

"பில் போட்டேன் சார். வேற பெருசா ஒண்ணும் இல்ல."

"சரி, மாசத்துல எந்த நாள்ல வேலை அதிகம்?"

"பதினாலாம் தேதிக்கு மேல சார். ஜி.எஸ்.டி. ஒத்துப் பாக்கணும்ல."

கதவு இங்கேதான் திறக்கிறது. கடைக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் தாங்கள் போட்ட பில்களை அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற வேண்டும். 14-ம் தேதி வாங்கியவருடைய கணக்கில் ஒரு பட்டியல் விழும். அதற்கு ஜிஎஸ்டிஆர்-2பி என்று பெயர். கடையில் இருக்கும் பில் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், அந்தப் பில்லில் கட்டிய வரியைக் கடைக்காரர் அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜனவரியிலிருந்து விதி இவ்வளவு கறார். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ம் தேதி கெடு. ஆக, நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு நாட்களில் பில் கட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது யாரோ ஒருவருடைய வேலை. இந்தக் கடையில் அது தங்கையின் வேலை.

அடுத்த கேள்விகள் அதன் பின்னாலேயே வரும். மாதத்துக்கு எத்தனை கொள்முதல் பில்? ஏறக்குறைய 400. எதில் பதிகிறீர்கள்? டேலியில். பட்டியலில் விட்டுப்போன பில் எப்போதாவது கண்டுபிடித்ததுண்டா? போன வருஷம் மூன்று மாதத்தில் 11 பில் விட்டுப்போயிருந்தது, இவளே ஒவ்வொரு வியாபாரிக்கும் போன் போட்டு ஏற்ற வைத்தாள். அந்த 11 பில்லின் மதிப்பு 2,10,000 ரூபாய். 18 சதவீத வரி என்றால் 37,800 ரூபாய். முதலாளியின் பணம் அவ்வளவு தப்பியது. இத்தனையும் செய்துவிட்டுத்தான் அந்தப் பெண் 'பெருசா ஒண்ணும் இல்ல' என்றாள். வேலை செய்கிறவர்கள் பழகிப்போன வேலையை வேலையாகவே எண்ணுவதில்லை. அண்ணனுக்கு அது 'பில் போடறது'தான். இந்த விவரத்தைக் கேட்காமல் எழுதும் யாராலும் ஊகித்திருக்க முடியாது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எது தெரியாது? டி.டி.எஸ். தாக்கலை ஆடிட்டர் அலுவலகமே பார்த்துக்கொள்கிறது, இவள் பிடித்த தொகையைப் பதிவதோடு சரி. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது விளம்பரம். போனில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரி பாகம் செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை. டேலி, எக்செல், ஜி.எஸ்.டி. ரீகன்சிலியேஷன், டி.டி.எஸ். தெரிந்திருக்க வேண்டும். வெண்டர்களோடு கன்னடத்தில் பேசத் தெரிந்தால் நல்லது.

விளம்பரத்தைப் பார்த்ததும் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று, சொல். அந்தப் பெண் 'ஒத்துப் பாக்கறது' என்று சொன்னதைத்தான் விளம்பரம் 'ரீகன்சிலியேஷன்' என்கிறது. கடிதம் எந்த மொழியில் போனாலும் விளம்பரம் ஆண்ட சொல்லையே ஆள வேண்டும். விண்ணப்பங்களைப் பிரிக்கிறவர் கணக்குத் தெரியாத ஓர் அலுவலக உதவியாளராக இருக்கலாம். அவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். மற்றொன்று, விளம்பரம் வந்ததால் மட்டுமே கேட்கத் தோன்றும் கேள்வி. சப்ளையர்களிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? பாதிப் பேரிடம் கன்னடம்தான் சார், பேசுவேன், எழுத வராது. இதையும் அவள் ஒரு தகுதியாக நினைத்திருக்கவில்லை.

இரண்டும் சேர்ந்த பிறகு கடிதம் தானே எழுதிக்கொள்ளும். சாரம் இவ்வளவுதான்:

'இன்ன தேதியில் வெளியான அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். கலாசிபாளையத்தில் ஒரு ஹார்டுவேர் மொத்த விற்பனைக் கடையில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பணியில் இருக்கிறேன். மாதம் சுமார் 400 கொள்முதல் பில்களை டேலியில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ரீகன்சிலியேஷன் செய்கிறேன். சென்ற ஆண்டு மூன்று மாதங்களில் விடுபட்டிருந்த 11 பில்களைக் கண்டுபிடித்து, சப்ளையர்களிடம் பேசிச் சரிசெய்ததில் 37,800 ரூபாய் வரி வரவு கடைக்குக் கிடைத்தது. டி.டி.எஸ். பதிவுகள் செய்திருக்கிறேன், தாக்கல் செய்ததில்லை. சப்ளையர்களோடு கன்னடத்தில் பேசுவேன். ஒரு மாத அவகாசத்தில் சேர முடியும்.'

நர்ஸ் சோதனையை இதற்கு வைத்துப் பார்க்கலாம். பொருந்தாது. கணக்குப் பணியில் இருக்கும் இன்னொரு பெண்ணின் பெயரைப் போட்டாலும் பொருந்தாது. ஒவ்வொரு வரிக்கும், 'எப்படிச் செய்தீர்கள்' என்று நேர்முகத்தில் கேட்டால், அந்தப் பெண்ணிடம் பதில் இருக்கிறது. டி.டி.எஸ். வரியை எடுத்துவிடலாமே என்று அண்ணன் சொல்லக்கூடும். எடுத்தால், தாக்கலும் தெரியும் என்று அவர்கள் நினைத்துக் கூப்பிடுவார்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அங்கிருந்து வந்து, மற்ற நாலு தகுதியும் அடிபட்டுப்போகும்.

தங்கை போனை எடுக்கவில்லை, இன்று மாலைக்குள் கடிதம் வேண்டும் என்றால் என்ன செய்வது? அப்போது நேர்மையாகக் கொடுக்கக்கூடியது வெற்றிடம் விட்ட ஒரு சட்டகம் மட்டுமே:

'____ தேதி வெளியான ____ பணிக்கான விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். அதில் கேட்டிருக்கும் ____ வேலையை ____ என்ற இடத்தில் ____ முதல் செய்துவருகிறேன். மாதம் ____ எண்ணிக்கை. இதில் ____ என்ற சிக்கல் வந்தபோது ____ செய்தேன். விளம்பரம் கேட்கும் ____ எனக்கு ____ அளவுக்குத் தெரியும். ____ தேதியிலிருந்து சேர முடியும்.'

இதில் ஆபத்து, கோடுகளோடேயே கடிதம் போய்விடுவது. இன்னொரு ஆபத்து, போன தடவை நிரப்பிய நிறுவனத்தின் பெயர் இந்தத் தடவையும் அப்படியே போவது. அதனால் வெற்றிடங்களை மஞ்சள் நிறத்தில் போட்டு, மொத்தம் எத்தனை என்று மேலே எழுதிக் கொடுப்பது நல்லது. மேலே உள்ள சட்டகத்தில் 11. பதினொன்றும் நிரம்பி, மஞ்சள் முழுக்க மறைந்த பிறகே அனுப்ப வேண்டும். நிரப்ப முடியாத வெற்றிடம் இருந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட வேண்டும்.

வெற்றிடத்தைக் கடைக்காரரே நிரப்பிவிடுவது நடக்காத காரியம் இல்லை. மூன்று வருஷ அனுபவம் என்று ஒரு வரி, மாதம் ஆயிரம் பில் என்று ஒரு வரி. சேர்த்துவிட்டால் கடிதம் கனமாகத் தெரியும். ஆனால் இன்று பெரிய நிறுவனங்கள் சொன்னதைச் சரிபார்க்காமல் விடுவதில்லை. பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணை வைத்துக்கொண்டு, எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினார் என்று பாஸ்புத்தகத்தில் பார்க்கலாம். 2022-ல் அக்சென்சர் நிறுவனம், கற்பனை நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்று காட்டி வேலைக்குச் சேர்ந்தவர்களை இந்தியாவில் வெளியேற்றியதாக அறிவித்தது. இருபது பேருக்குக் குறைவான கடைகளுக்குப் பி.எஃப். கட்டாயம் இல்லை என்பதால், ஹார்டுவேர் கடைப் பெண்ணிடம் அந்தப் பாஸ்புத்தகம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் என்ன எழுதினாலும் நடக்கும் என்று அர்த்தமில்லை. அவளிடம் இருக்கும் சாட்சி, வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த சம்பளமும் முதலாளி கொடுக்கும் ஒரு கடிதமும்தான். கடிதத்தில் இருக்கும் தேதி அந்த இரண்டோடும் ஒத்துப்போக வேண்டும்.

விளம்பரமே இல்லாத வேலைகளும் உண்டு. தெரிந்தவர் சொன்னார், கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது என்பார்கள். வேலையின் பெயராவது தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தேசியத் தொழில் வகைப்பாடு, 2015-ம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன காரியங்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையை விண்ணப்பதாரரிடம் படித்துக் காட்டி, செய்தவற்றுக்கு மட்டும் டிக் போட்டுக்கொள்ளலாம். டிக் விழுந்தவையே கடிதத்தின் வாக்கியங்கள். ஆனால் அது பொதுவான பட்டியல், அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு எது முக்கியம் என்று அதிலிருந்து தெரியாது. அதற்குக் கன்சல்டன்சிக்காரரிடமே கேட்க வேண்டும். தினமும் என்ன வேலை, எந்தப் பகுதியில், யாருக்குக் கீழே என்று மூன்று கேள்விகள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினாலும் உண்மையான வேலையாக இருந்தால் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று பேச்சு திரும்பினால், அங்கே வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்வது பத்திரம். அதற்குக் கவரிங் லெட்டர் எழுதுவது வீண் செலவு.

இவ்வளவு கேட்டு எழுதினால் ஐந்து நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆகும். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் ஒரே தடவைதான். தங்கையின் 400 பில்லும் 11 பில்லும் அடுத்த விண்ணப்பத்துக்கும் அப்படியே செல்லும். அடுத்த வாரம் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு விளம்பரம் வந்தால், முதல் வரியையும், எது முதலில் எது பிறகு என்ற வரிசையையும் மாற்றினால் போதும். அதற்கு அண்ணன் செய்ய வேண்டிய உதவி ஒன்றே ஒன்று. கடைக்கு வரும்போது விளம்பரத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும்.